விமான டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் ஏன் குறைந்து வருகிறது, எப்போது வரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை–டெல்லி டிக்கெட்டுக்கு 6,629 ரூபாய் கட்டினேன். பத்து நாள் முன்னாடியே ரத்து செய்தும் 2,187 ரூபாய்தான் வந்திருக்கிறது. மீதி எங்கே போனது?

இந்தப் பணம் ஒரே இடத்தில் போகவில்லை. கொஞ்சம் விமான நிறுவனத்துக்கு, கொஞ்சம் புக்கிங் போர்ட்டலுக்கு, கொஞ்சம் ஜிஎஸ்டிக்கு. மெசேஜில் ஒரே தொகையாக வருவதால்தான் குழப்பம். உள்நாட்டு எகானமி டிக்கெட் ஒன்றை மாதிரிக்கு எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். கட்டண விவரங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

கட்டியது:

- அடிப்படைக் கட்டணம் 5,400
- எரிபொருள் கூடுதல் கட்டணம் 600
- இவ்விரண்டின் மேல் 5% ஜிஎஸ்டி 300
- விமான நிலையப் பயனர் மேம்பாட்டுக் கட்டணம் (யூ.டி.எஃப்.) 180
- விமானப் பாதுகாப்புக் கட்டணம் 236
- போர்ட்டலின் கன்வீனியன்ஸ் ஃபீ, ஜிஎஸ்டியோடு 413
- கூப்பன் தள்ளுபடி 500 கழிவு

கூட்டினால் 6,629. இதில் விமான நிறுவனத்துக்குப் போனது 6,716. அதாவது நீங்கள் கட்டியதைவிடக் கூடுதல், ஏனென்றால் கூப்பன் பணத்தைப் போட்டது போர்ட்டல்.

இப்போது ரத்து. விமான நிறுவனத்தின் ரத்துக் கட்டணம் 3,500, அதன் மேல் 5% ஜிஎஸ்டி 175. 6,716-இல் 3,675 போக, 3,041 ரூபாயை நிறுவனம் போர்ட்டலுக்குத் திருப்பிவிட்டது. போர்ட்டல் அதில் தான் கொடுத்த கூப்பன் 500-ஐ எடுத்துக்கொண்டது. ரத்து சேவைக் கட்டணம் 300, அதற்கு 18% ஜிஎஸ்டி 54, ஆக 354-ஐயும் பிடித்தது. கன்வீனியன்ஸ் ஃபீ 413 ஆரம்பத்திலேயே போனது போனதுதான். 3,041-இல் 854 கழிந்தால் 2,187. கணக்கு சரியாக இருக்கிறது. கசப்பாக இருக்கிறது என்பது வேறு விஷயம்.

உங்கள் டிக்கெட்டுக்கு இதே மாதிரி போட்டுப் பார்க்க இரண்டு தாள் வேண்டும்: புக்கிங்கின்போது வந்த கட்டண விவரம், ரத்து செய்தபோது வந்த ரீஃபண்ட் விவரம். இரண்டாவதை மொத்தத் தொகையாக மட்டும் அனுப்பியிருந்தால், "விமான நிறுவனம் பிடித்தது எவ்வளவு, நீங்கள் பிடித்தது எவ்வளவு என்று தனித்தனியாகக் கொடுங்கள்" என்று போர்ட்டலுக்கு எழுதிக் கேளுங்கள். இதைக் கேட்காமல் தொடங்கும் புகார்கள் பெரும்பாலும் நடுவழியில் நின்றுவிடுகின்றன. விமான நிறுவனம் "நாங்கள் ஏஜென்டுக்குக் கொடுத்துவிட்டோம்" என்று சொல்லும், போர்ட்டல் "விமான நிறுவனத்தின் விதி" என்று சொல்லும். தொகை பிரிந்து கையில் இருந்தால் யாரிடம் பேச வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

ரத்துக் கட்டணம் என்று இஷ்டத்துக்குப் பிடிக்கலாமா? உச்சவரம்பு ஏதும் இல்லையா?

இருக்கிறது. இந்திய விமான நிறுவனங்களுக்கு, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. வகுத்த ரீஃபண்ட் விதிகள் (விமானப் போக்குவரத்துத் தேவைகள், பிரிவு 3, தொடர் எம், பகுதி 2) சொல்வது: எந்தச் சூழ்நிலையிலும் ரத்துக் கட்டணம், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. 2016 ஆகஸ்ட் முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

இந்த வரம்பு பெரிய டிக்கெட்டுக்குப் பயன்படாது, மலிவு டிக்கெட்டுக்குத்தான் பயன்படும். ஆஃபரில் வாங்கிய டிக்கெட்டில் அடிப்படையும் எரிபொருளும் சேர்த்து 2,100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் அட்டவணையில் ரத்துக் கட்டணம் 3,500 என்று இருந்தாலும் 2,100-க்கு மேல் தொட முடியாது. யூ.டி.எஃப்.-உம் பாதுகாப்புக் கட்டணமும், மேலே சொன்ன அளவில் 416 ரூபாய், உங்களுக்கு வந்தே ஆக வேண்டும். "ரீஃபண்ட் 0" என்று திரையில் காட்டினால் அது விமான நிறுவனத்தின் கணக்கா, போர்ட்டல் தன் சேவைக் கட்டணத்தை அதில் கழித்துக்கொண்டதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ரத்துக் கட்டணம் ஒரு பயணிக்கு, ஒரு வழிக்கு என்று கணக்காகும். நான்கு பேர் குடும்பம் போய்வரும் டிக்கெட்டை ரத்து செய்தால் அது எட்டு முறை பிடிக்கப்படும். "3,500 என்றுதானே போட்டிருந்தது" என்று அதிர்ச்சி அடைபவர்களில் பாதிப் பேருக்கு விடை இதுதான்.

டிக்கெட்டில் 'நான்–ரீஃபண்டபிள்' என்று போட்டிருந்தது. அப்போ ஒரு ரூபாய்கூட கிடைக்காதா?

கிடைக்கும். அந்த வார்த்தை அடிப்படைக் கட்டணத்தைப் பற்றியது. சட்டப்படியான வரிகள், யூ.டி.எஃப்., பயணி சேவைக் கட்டணம் ஆகியவற்றை டிக்கெட் ரத்தானாலும், பயன்படுத்தாமல் விட்டாலும், விமானத்தைத் தவறவிட்டாலும் திருப்பித் தர வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. ஆஃபர் டிக்கெட்டுக்கும், அடிப்படைக் கட்டணம் திரும்பாத டிக்கெட்டுக்கும் இது பொருந்தும் என்று தனியாக எழுதியே வைத்திருக்கிறார்கள். பயணி சேவைக் கட்டணத்தின் பாதுகாப்புப் பங்குக்குப் பதிலாக 2019-இல் வந்ததுதான் இன்றைய விமானப் பாதுகாப்புக் கட்டணம். உள்நாட்டுப் பயணிக்கு 2021 ஏப்ரலில் அது 200 ரூபாய் ஆனது. 18% ஜிஎஸ்டி சேர்ந்து 236 ஆக பில்லில் வரும்.

இதைத் திருப்பித் தரக் காரணமும் எளிது. விமான நிலையத்தைப் பயன்படுத்தும் பயணிக்கான கட்டணம் இது, விமான நிறுவனம் அதை வசூலித்துக் கொடுக்கும் இடையாள் மட்டுமே. நீங்கள் விமான நிலையத்துக்கே போகவில்லை என்றால் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள அதற்கு உரிமை இல்லை.

வரி எல்லாம் திரும்ப வரும் என்கிறீர்கள். அப்புறம் ஏன் ஜிஎஸ்டியில் ஒரு பகுதி மட்டும் வந்திருக்கிறது?

ஏனென்றால் நிறுவனம் பிடித்துக்கொண்ட ரத்துக் கட்டணமும் வரிக்கு உட்பட்டது. 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178-ஆம் எண் ஜிஎஸ்டி சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியது: பயண டிக்கெட்டின் ரத்துக் கட்டணத்துக்கு, அந்தப் பயணத்துக்கு என்ன வரி வீதமோ அதே வீதம். எகானமி என்றால் 5%. பிசினஸ் வகுப்புக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18%, அதற்கு முன் 12%.

ஆக, முதல் உதாரணத்தில் கட்டிய 300 ரூபாய் ஜிஎஸ்டியில் 175 அரசுக்குப் போய்விட்டது, 125 மட்டும் திரும்பியது. யூ.டி.எஃப்.-உம் பாதுகாப்புக் கட்டணமும் முழுசாக வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அவை இரண்டும் உடைபடக் கூடாது. ஜிஎஸ்டி உடைபடலாம், ஆனால் பிடித்த தொகையில் 5%-க்கு மேல் போகக் கூடாது. சில நிறுவனங்கள் அட்டவணையில் வரியையும் சேர்த்தே ரத்துக் கட்டணத்தைப் போடுகின்றன. அங்கே மறுபடியும் 5% ஏற்றினால் அது இரட்டைப் பிடித்தம்.

பில்லில் 'டாக்ஸ் அண்ட் ஃபீஸ்' என்று 4,800 ரூபாய் காட்டுகிறது. அது முழுக்கத் திரும்ப வர வேண்டாமா?

அந்தத் தலைப்பை நம்பாதீர்கள். போர்ட்டல்கள் வரியல்லாததையும் அதற்குள் போட்டுவைக்கும், முக்கியமாக வெளிநாட்டு டிக்கெட்டில். இ–டிக்கெட்டில் ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் இரண்டெழுத்துக் குறியீடு இருக்கும். `YQ`, `YR` இரண்டும் விமான நிறுவனமே விதிக்கும் கூடுதல் கட்டணங்கள், பெரும்பாலும் எரிபொருளுக்கு. அவை வரி அல்ல, ரத்துக் கட்டணத்தில் போகக்கூடியவை. `K3` ஜிஎஸ்டி. `IN` யூ.டி.எஃப். `P2` பாதுகாப்புக் கட்டணம். 4,800-இல் 3,900 `YR` ஆக இருந்தால், வரி என்று நீங்கள் உரிமை கோர முடிவது மீதி 900-ஐச் சுற்றித்தான்.

போர்ட்டலின் திரையில் குறியீடு தெரியாது. மின்னஞ்சலில் வந்த இ–டிக்கெட் பி.டி.எஃப்.-ஐத் திறந்து பாருங்கள், அல்லது பி.என்.ஆர். எண்ணை வைத்து விமான நிறுவனத்தின் தளத்தில் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள்.

சீட், சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து வாங்கினேன். அவை?

நீங்களாக ரத்து செய்தால் பெரும்பாலும் வராது. இன்சூரன்ஸ் தனி ஒப்பந்தம், அதன் பாலிசியில் ரத்துக்கான ஈடு இருந்தால் அங்கே தனியாக க்ளெய்ம் போட வேண்டும், ரீஃபண்டோடு தானாக வராது. போர்ட்டலில் 'ஜீரோ கேன்சலேஷன்' வாங்கியிருந்தால் அதன் வாசகத்தைப் படியுங்கள். பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்போ அதற்கும் முன்போ ரத்து செய்திருக்க வேண்டும், ஈடுக்கும் ஒரு உச்சத் தொகை இருக்கும், அதை வாங்கிய கட்டணம் திரும்பாது.

போர்ட்டலில் வாங்கிய டிக்கெட்டை விமான நிறுவனத்தின் தளத்திலேயே ரத்து செய்தால் போர்ட்டலின் கட்டணம் மிச்சமாகுமே?

மிச்சமாகும் போலத் தோன்றும், சிக்கல்தான் அதிகம். போர்ட்டல் வழியாக வாங்கிய டிக்கெட்டுக்கு விமான நிறுவனத்துக்குப் பணம் கட்டியது நீங்கள் அல்ல, அந்த ஏஜென்டின் கணக்கு. நீங்கள் எங்கே ரத்து செய்தாலும் பணம் அந்தக் கணக்குக்கே திரும்பும். போர்ட்டலின் கணினியில் டிக்கெட் இன்னும் 'உறுதி' என்றே நிற்கும், ரத்தானது அவர்களுக்குத் தெரியாது. அப்போது நீங்களே அவர்களிடம் 'ஆஃப்லைன் ரத்து' என்று புகார் எழுப்ப, அவர்கள் விமான நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்ய, வாரக்கணக்கில் இழுக்கும். பெரும்பாலும் சேவைக் கட்டணமும் பிடிப்பார்கள்.

ஒரே விதிவிலக்கு: புறப்பாடு நெருங்கிவிட்டது, போர்ட்டல் வேலை செய்யவில்லை. அப்போது விமான நிறுவனத்தில் உடனே ரத்து செய்து, நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதே நாளில் போர்ட்டலுக்கு அனுப்புங்கள். வெப் செக்–இன் செய்திருந்தால் முதலில் அதை நீக்க வேண்டும். செக்–இன் ஆன டிக்கெட்டை ரத்து செய்ய அமைப்பு விடாமல் போய், நேரம் கடந்து, விமானத்துக்கு வராத பயணியாக, அதாவது 'நோ–ஷோ' ஆகப் பதிவானவர்கள் நிறைய.

புக் செய்த உடனே தேதி தப்பு என்று பார்த்தேன். சும்மா ரத்து செய்ய வழி உண்டா?

உண்டு, ஆனால் நிபந்தனைகளோடு. டி.ஜி.சி.ஏ. விதியில் 'லுக்–இன்' என்றொரு வாய்ப்பு இருக்கிறது. 2016 விதிப்படி, புக்கிங் செய்து 24 மணி நேரத்துக்குள் கட்டணமின்றி ரத்து செய்யவோ மாற்றவோ முடிந்தது, மாற்றினால் புதிய விமானத்தின் கட்டண வித்தியாசம் மட்டும். விமானம் ஏழு நாளுக்குள் புறப்படுவதாக இருந்தால் அந்த விதியில் இது கிடையாது. விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்கிய டிக்கெட்டை மனதில் வைத்தே எழுதப்பட்டது. 2025 நவம்பரில் வெளியான திருத்த வரைவு இதை 48 மணி நேரமாக்கி, புறப்பாட்டுக்கான இடைவெளியை உள்நாட்டுக்கு 5 நாள், வெளிநாட்டுக்கு 15 நாள் என்று முன்வைத்தது. நீங்கள் ரத்து செய்யும் நாளில் எந்த வாசகம் அமலில் இருக்கிறது என்று டி.ஜி.சி.ஏ. தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்து செய்யும் முன் திரையில் கட்டணம் 0 என்று காட்டுகிறதா என்று பார்த்தே பொத்தானை அழுத்துங்கள். போர்ட்டலில் வாங்கியிருந்தால் விமான நிறுவனம் 0 பிடித்தாலும் போர்ட்டல் தன் பங்கை எடுக்கும்.

பணம் எத்தனை நாளில் வர வேண்டும்?

விமான நிறுவனத்தில் நேரடியாக, கிரெடிட் கார்டில் வாங்கியது என்றால் ரத்து செய்து ஏழு நாளுக்குள் நிறுவனம் கார்டுக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். கவுன்டரில் ரொக்கம் கொடுத்து வாங்கியிருந்தால் அதே அலுவலகத்தில் உடனே. ஏஜென்ட் அல்லது போர்ட்டல் வழியாக வாங்கியிருந்தாலும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே, ஏனென்றால் ஏஜென்ட் அதன் பிரதிநிதி. 2016 விதி இதற்கு 30 வேலை நாள் கொடுத்தது, 2025 நவம்பர் வரைவு 21 வேலை நாளாகக் குறைக்க முன்வந்தது. இப்போது எது அமலில் இருக்கிறது என்று இதற்கும் டி.ஜி.சி.ஏ. தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை நாள் என்பதைக் கவனியுங்கள். 30 வேலை நாள் என்றால் சனி, ஞாயிறு, விடுமுறை கழித்து ஏறக்குறைய ஆறு வாரம். அந்த விதியின் கீழ் "ஒரு மாசம் ஆச்சே" என்று 31-ஆம் நாள் எழுதிய புகாருக்கு "இன்னும் கெடு இருக்கிறது" என்று பதில் வந்தது இதனால்தான்.

இதற்கு மேல் வங்கியின் கெடு தனி. விமான நிறுவனம் விடுவித்த பிறகு கார்டில் வர பொதுவாக ஐந்திலிருந்து ஏழு வேலை நாள், யு.பி.ஐ.-க்கு அதைவிடக் குறைவு. நிறுவனத்தின் கெடுவோடு இதைச் சேர்த்தே எண்ணுங்கள்.

'ரீஃபண்ட் ப்ராசஸ்டு' என்று மெசேஜ் வந்து பத்து நாள் ஆகிறது. வங்கியில் கேட்டால் எதுவும் வரவில்லை என்கிறார்கள். யாரை நம்புவது?

இரண்டு பேரும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். 'ப்ராசஸ்டு' என்றால் அவர்கள் பக்கம் பட்டன் அழுத்தியாயிற்று என்பது மட்டும். அது போர்ட்டலின் மெசேஜா, விமான நிறுவனத்தின் மெசேஜா என்று முதலில் பாருங்கள். விமான நிறுவனம் போர்ட்டலுக்கு அனுப்பியதையே 'ப்ராசஸ்டு' என்று சொல்லியிருக்கலாம், அப்படியானால் உங்கள் வங்கிக்கு இன்னும் எதுவும் கிளம்பவில்லை.

கடைசியாக அனுப்பியவரிடம் ஒரு எண் கேளுங்கள். கார்டு என்றால் ARN, அது 23 இலக்கம். யு.பி.ஐ. என்றால் RRN, 12 இலக்கம். நெஃப்ட் வழியாக அனுப்பியிருந்தால் UTR. அந்த எண்ணைக் கொடுத்தால் வங்கியால் பணம் எங்கே நிற்கிறது என்று தேட முடியும். எண் இல்லாமல் வங்கியில் கேட்டால் ஸ்டேட்மென்டைப் பார்த்துவிட்டு "வரவில்லை" என்றுதான் சொல்வார்கள். எண்ணே தர முடியவில்லை என்றால் ரீஃபண்ட் இன்னும் அனுப்பப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டேட்மென்டிலும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். ரீஃபண்ட் போர்ட்டல் பெயரில் வராமல் பேமென்ட் கேட்வே பெயரிலோ விமான நிறுவனத்தின் பெயரிலோ வரலாம். பாதித் தொகை கார்டிலும் பாதி வாலெட்டிலும் கட்டியிருந்தால் இரண்டு துண்டாக, வெவ்வேறு நாளில் வரும். "குறைந்து வந்திருக்கிறது" என்று நினைத்தது சில சமயம் முதல் துண்டு மட்டுமே. கார்டை மூடிவிட்டாலோ மாற்றிவிட்டாலோ பணம் பழைய எண்ணுக்கே போய் அந்த வங்கியில் நிற்கும், ARN-ஐக் கொடுத்து அங்கே கேட்க வேண்டும்.

கிரெடிட் கார்டு பில் வந்துவிட்டது. ரீஃபண்ட் வருமே என்று கட்டாமல் இருக்கலாமா? இ.எம்.ஐ.-யில் வாங்கியிருந்தால்?

கட்டாமல் இருக்காதீர்கள். கெடு தேதிக்கு முன்பே ரீஃபண்ட் வந்து சேர்ந்தால் அதைக் கட்ட வேண்டிய தொகையில் கழிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கார்டு வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் 'வரப்போகிறது' என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. கெடு தாண்டி ரீஃபண்ட் வந்தால் தாமதக் கட்டணமும் வட்டியும் விழலாம், அதை விமான நிறுவனத்திடம் வாங்குவது கஷ்டம்.

இ.எம்.ஐ. என்றால் ரீஃபண்ட் வந்ததும் கடன் தானாக மூடாது. ரீஃபண்ட் கார்டில் வரவாகும், தவணை தன் போக்கில் ஓடும். வங்கியைக் கூப்பிட்டு இ.எம்.ஐ.-யை ரத்து செய்யச் சொல்ல வேண்டும். ப்ராசசிங் ஃபீ, அதுவரையான வட்டி, அவற்றின் ஜிஎஸ்டி திரும்ப வராது. 'நோ–காஸ்ட்' இ.எம்.ஐ. என்றாலும் வட்டிக்கு ஈடாகக் கொடுத்த தள்ளுபடியை ரத்தின்போது பிடித்துக்கொள்வது வழக்கம்.

பணத்துக்குப் பதில் வாலெட்டில் போட்டுவிட்டார்கள். திருப்பிக் கேட்கலாமா?

கேட்கலாம். ரீஃபண்டை விமான நிறுவனம் 'கிரெடிட் ஷெல்' ஆக, அதாவது அடுத்த டிக்கெட்டுக்குப் பயன்படும் இருப்பாக, வைத்துக்கொள்வது பயணியின் விருப்பம், நிறுவனத்தின் இயல்பு வழக்கமாக இருக்கக் கூடாது என்று டி.ஜி.சி.ஏ. விதி சொல்கிறது. சிக்கல் திரையில்தான். போர்ட்டலில் ரத்து செய்யும்போது 'உடனடி ரீஃபண்ட்' என்று வாலெட்டை முன்கூட்டியே தேர்ந்து வைத்திருப்பார்கள், 'கட்டிய வழியிலேயே' என்பது கீழே சின்ன எழுத்தில் இருக்கும். பார்க்காமல் அழுத்தினால் உங்கள் சம்மதம் பதிவாகிவிடும். அதே நாளில் எழுதிக் கேட்டால் மாற்றித் தர வாய்ப்புண்டு, வாலெட் பணத்தில் ஒரு ரூபாய் செலவழித்துவிட்டால் பேச்சு முடிந்தது.

ரத்து செய்யவே மறந்துவிட்டேன், விமானமும் போய்விட்டது.

இது 'நோ–ஷோ'. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் போனது. யூ.டி.எஃப்.-உம் பாதுகாப்புக் கட்டணமும் உங்களுடையவைதான், ஆனால் பெரும்பாலும் கேட்டால்தான் வரும். விமான நிறுவனத்தின் தளத்தில் நோ–ஷோ வரி ரீஃபண்டுக்கென்று படிவம் இருக்கும், இல்லாவிட்டால் பி.என்.ஆர். குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். போர்ட்டல் டிக்கெட் என்றால் போர்ட்டல் வழியாக. நானூறு ரூபாய்க்கு யார் மெனக்கெடுவார்கள் என்று தோன்றும். நான்கு பேர் போய்வரும் டிக்கெட்டில் அதுவே மூவாயிரத்தைத் தாண்டும்.

நான் ரத்து செய்யவில்லை, விமானத்தையே அவர்கள்தான் ரத்து செய்தார்கள். அப்போதும் கட்டணம் பிடித்திருக்கிறார்களே?

அது தவறு. விமான நிறுவனமே ரத்து செய்தால் மாற்று விமானம் அல்லது முழுத் தொகை, எது வேண்டும் என்பது உங்கள் தேர்வு. புறப்பாடு ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று அறிவித்தாலும் மாற்று விமானம் அல்லது முழு ரீஃபண்ட் தர வேண்டும். வாங்கிய சீட், சாப்பாட்டுப் பணத்தையும் அந்தக் கோரிக்கையிலேயே சேர்த்துக் கேளுங்கள்.

பிடித்தம் நடக்கக் காரணம் பெரும்பாலும் ஒரு க்ளிக். விமானம் ரத்து என்று மெசேஜ் வந்ததும் பலரும் போர்ட்டலில் வழக்கமான 'கேன்சல்' பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். விமான நிறுவனத்தின் ரத்து போர்ட்டலில் இன்னும் பதிவாகாமல் இருந்தால் அது பயணியின் விருப்ப ரத்தாகப் பதிவாகி, கட்டணம் பிடிபடும். மெசேஜில் வரும் இணைப்பு வழியாகவோ, விமான நிறுவனத்தின் தளத்தில் முழு ரீஃபண்டுக்கென்றே உள்ள பக்கம் வழியாகவோ போங்கள். ஏற்கெனவே அழுத்திவிட்டீர்கள் என்றால், ரத்து அறிவிப்பு வந்த நேரம் உங்கள் ரத்து நேரத்துக்கு முந்தியது என்று காட்டும் மெசேஜ்தான் உங்கள் முழு வழக்கும். அதை அழித்துவிடாதீர்கள்.

வெளிநாட்டு விமான நிறுவனத்தின் டிக்கெட்டுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

எவ்வளவு திரும்பும் என்பது அந்த நிறுவனத்தின் சொந்த நாட்டு விதிப்படி. ஆகவே டிக்கெட்டின் கட்டண விதியைப் படிப்பதைத் தவிர வழியில்லை. இன்னொரு கசிவும் உண்டு. டாலரிலோ திர்ஹாமிலோ கட்டியிருந்தால், முழு ரீஃபண்டே வந்தாலும் ரூபாயில் குறைந்து தெரியலாம். கட்டிய நாளின் மாற்று வீதம் வேறு, திரும்பிய நாளின் வீதம் வேறு. கார்டு நிறுவனம் எடுத்த வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் பெரும்பாலும் திரும்பாது. டாலர் தொகை சரியாக இருக்கிறதா என்று முதலில் ஒப்பிடுங்கள். அது சரி என்றால் விமான நிறுவனத்தோடு சண்டையில்லை.

எல்லாம் கேட்டுப் பார்த்தாயிற்று, தர மறுக்கிறார்கள். எங்கே போவது?

முதலில் விமான நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள், பதில் திருப்தியில்லை என்றால் அதன் மேல்முறையீட்டு அதிகாரிக்கு. இருவரின் மின்னஞ்சலும் நிறுவனத்தின் தளத்தில் இருக்கும். அடுத்து விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளம் அல்லது ஆப். போர்ட்டல் மீதான புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 பொருத்தமானது.

அதற்குப் பிறகு நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இ–ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். கார்டில் கட்டியிருந்தால், ஒப்புக்கொண்ட ரீஃபண்ட் வரவில்லை என்று வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுவது, கேட்கும் வழியும் உண்டு. அதற்குக் கெடு குறைவு என்பதால் நோடல் அதிகாரியின் பதிலுக்காகக் காத்திருக்காமல் அதை முன்கூட்டியே வங்கியில் விசாரித்துவையுங்கள்.

புகாரில் "பணம் குறைந்துவிட்டது" என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: "பி.என்.ஆர். இன்னது, ரத்து செய்த நாளும் நேரமும் இன்னது. அடிப்படையும் எரிபொருளும் சேர்த்து 2,100. ரத்துக் கட்டணமாகப் பிடித்தது 2,516. டி.ஜி.சி.ஏ. விதிப்படி 2,100-க்கு மேல் பிடிக்க முடியாது, யூ.டி.எஃப்., பாதுகாப்புக் கட்டணம் 416 வர வேண்டும். ஏழு நாளுக்குள் அனுப்பி, ARN எண் தெரிவிக்கவும்." தொகையும் விதியும் இப்படி நேராக நின்றால், பொதுவான மன்னிப்பு மின்னஞ்சலை அனுப்பி முடித்துவைப்பது அவர்களுக்குக் கஷ்டம்.